எங்கட கை சொன்ன பொய்

கார் நல்லா ஓடுது என்று அன்றிரவு நாங்கள் ஐந்து பேருமே சொன்னோம். "முந்தியை விட இறுக்கமாப் பிடிக்குது மச்சான்" என்றான் ஒருவன். "வளைவில இழுக்கேல்ல, பார்" என்றான் மற்றவன். அடுத்த நாள் காலை கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: நாங்கள் மாற்றிய இரண்டு எண்களுக்கும் கார் ஓடுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாங்கள் விளையாடுவது ரீ-வோல்ட். 1999இல் வந்த, பொம்மை ரிமோட் கார்களை ஓட்டுகிற பந்தய கேம். அக்ளெய்ம் நிறுவனத்தின் கேம். அந்த நிறுவனம் மூடிப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் ரசிகர்கள் அதை ஆர்.வி.ஜி.எல். என்ற பெயரில் இன்றைய கணினிகளில் ஓடும்படி மீள எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவை எல்லாம் பழைய லப்ரொப்கள். அவற்றில் தடங்கலில்லாமல் ஓடுகிற, ஒரு ரவுட்டரில் இணைந்து ஐந்து பேரும் ஒன்றாக விளையாடக்கூடிய கேம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்களில் ஒருவன் வீட்டு விறாந்தையில் கூடுவோம்.

அந்த வீட்டுக்காரனுடைய தம்பிக்காகத்தான் இந்தக் கோப்பையே திறந்தோம். எங்கள் எல்லாருக்கும் அவன் தம்பிதான். ஓட்டோ விபத்து ஒன்றுக்குப் பிறகு அவனுக்கு வலது கை சரியாக இயங்காது. இடது கையால் மட்டும்தான் விளையாடுவான். ஒரே கையின் விரல்கள் அக்சிலேட்டரையும் அழுத்த வேண்டும், இடம் வலமும் திருப்ப வேண்டும். மற்றவர்கள் வளைவில் தட்டித் தட்டித் திருப்புவோம். அவனால் தட்ட ஏலாது, அழுத்தித்தான் பிடிப்பான். ஒவ்வொரு வளைவிலும் கார் சுழன்று பின்பக்கமாக நிற்கும். எப்போதும் ஐந்தாவது இடம்.

கேமில் ஜூனியர் ஆர்.சி. என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதில் கார்கள் மெதுவாக ஓடும். அதைப் போட்டு விளையாடுவோமா என்று ஒருநாள் கேட்டோம். "எனக்காக நீங்கள் மெதுவா ஓட வேண்டாம் அண்ணை" என்றான். அதற்குமேல் அந்தக் கதையை நாங்கள் எடுக்கவில்லை.

ரீ-வோல்டில் ஒவ்வொரு காருக்கும் `cars` கோப்புறைக்குள் தனிக் கோப்புறை உண்டு. அதற்குள் `parameters.txt` என்ற கோப்பு இருக்கும். காரின் பெயர், எடை, சில்லு, ஸ்பிரிங் எல்லாம் அதில் எழுத்தாகவே கிடக்கின்றன. விசேட மென்பொருள் ஒன்றும் தேவையில்லை, நோட்பேட் போதும். அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது குறிப்பு. அதைக் கேம் வாசிக்காது, மனிதர்கள்தான் வாசிக்க வேண்டும். நாங்கள் முதல் நாள் அதைத்தான் வாசிக்கவில்லை. `Handling` என்ற சொல்லைக் கண்டதும் எண்ணைக் கூட்டினோம். `TopEnd` என்பதையும் கூட்டினோம். அந்த வரிகள் இப்படி இருந்தன:

```
TopEnd    2850.000000  ; Actual top speed (mph) for frontend bars
Handling  50.000000    ; Handling ability (empirical and totally subjective)
```

இரண்டுமே காரைத் தெரிவுசெய்யும் திரையில் தெரிகிற பட்டைகளின் நீளத்துக்கானவை. பட்டை நீளும், கார் மாறாது. கார் உண்மையில் எடுத்துக்கொள்ளும் எண்கள் கீழே வேறு பகுதியில் இருக்கின்றன. `TopSpeed` வேகத்துக்கு, `SteerRate` ஸ்டியரிங்குக்கு. அதற்கும் கீழே ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக உராய்வு எண்கள்.

பிழை விட்டதில் வெட்கமில்லை. எங்களைக் குழப்பியது வேறொன்று. மாறாத காரை ஐந்து பேர் ஓட்டி, ஐந்து பேரும் "மாறிட்டுது" என்று எப்படிச் சொன்னோம்? நீண்ட பட்டையைக் கண் பார்த்தது, கை அதை நம்பிவிட்டது. அப்படியென்றால் தம்பிக்காக நாங்கள் செய்யப்போகும் மாற்றத்தையும் இந்தக் கைகளை நம்பித்தானே சரி பிழை சொல்லப்போகிறோம்? அவனும் எங்கள் மனம் நோகக்கூடாது என்று "நல்லா இருக்கு அண்ணை" என்றுதான் சொல்லுவான். அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன்னமே, எப்படிச் சோதிப்பது என்று யோசிக்கத் தொடங்கினோம்.

முதல் வேலை, மூலக் காரைத் தொடாமல் வைப்பது. எங்கள் மஞ்சள் கார் ஒரு ரசிகர் செய்தது. அதன் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து, பெயரை `manjal_1` என்று மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய எண், ஒரு புதிய கோப்புறை. எது பிழைத்தாலும் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டால் முடிந்தது. மூலக் கார் எப்போதும் பக்கத்திலேயே நிற்கும், ஒப்பிடவும் உதவும்.

கோப்புறையைப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் மேற்பகுதியில் காரின் உடல், நிறம், மோதல் வடிவம் எங்கே கிடக்கின்றன என்ற பாதைகள் உள்ளன. அவை பழைய கோப்புறையையே காட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம் போனது. அடையாளத்துக்காகப் புதிய காருக்குச் சிவப்புக் கோடு போட்டோம், கேமில் கோடு வரவே இல்லை. பழைய கோப்புறையின் படத்தைத்தான் அது எடுத்துக்கொண்டிருந்தது. பெயரோடு சேர்த்து இந்த வரிகளையும் மாற்ற வேண்டும்:

```
Name   "Manjal 1"
MODEL  0  "cars\manjal_1\body.prm"
TPAGE  "cars\manjal_1\car.bmp"
COLL   "cars\manjal_1\hull.hul"
```

`MODEL` வரி ஒன்றல்ல, பல உண்டு. சில்லுகளுக்கும் தனி வரிகள் இருக்கும். பழைய கோப்புறையின் பெயரைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுவதற்கு நோட்பேட்டின் தேடி மாற்றும் வசதியே போதும்.

இன்னும் சில சில்லறைப் பிழைகளையும் நாங்கள் ஒவ்வொன்றாக விட்டிருக்கிறோம். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருந்ததால் ஒருவன் `parameters.txt.txt` என்று சேமித்துவிட்டு, கார் பட்டியலில் இல்லையே என்று தேடினான். இன்னொருவன் வரியை அழிக்கும்போது சில்லுப் பகுதியை மூடும் `}` அடைப்பையும் சேர்த்து அழித்துவிட்டான். கேமை மூடாமலே கோப்பைச் சேமித்துவிட்டு, பழைய எண்ணோடு அரை மணித்தியாலம் ஓடியவர்களும் உண்டு. அதற்குப் பிறகு எங்கட வழக்கம் ஒன்றுதான்: கேமை முழுக்க மூடு, சேமி, திரும்பத் திற. திறந்தவுடன் பந்தயத்துக்குப் போகாமல், கார் பட்டியலில் புதிய பெயர் தெரிகிறதா என்று முதலில் பார். பெயர் தெரிந்தால் கேம் அந்தக் கோப்பை வாசித்திருக்கிறது.

இனிச் சோதனை. ஒரே ஓடுபாதை, டோய்ஸ் இன் த ஹூட் 1. வீட்டுத் தெருவில் ஓடுகிற பாதை அது. எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், பாதை தெரியாமல் விடுகிற பிழை குறையும். நேர ஓட்ட முறையில் தனியாக ஓட வேண்டும். மற்றக் கார்கள் வந்து இடித்தால் எது காரின் குற்றம், எது இடியின் குற்றம் என்று பிரிக்க ஏலாது. அமைப்பில் உள்ள சிமுலேஷன், ஆர்கேட் தெரிவும் காரின் நடத்தையை மாற்றும் என்பதால் அதை சிமுலேஷனிலேயே விட்டோம். முதல் சுற்று நின்ற இடத்திலிருந்து தொடங்குவதால் அதன் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கணிதப் பிரிவில் படித்தவன் ஒருவன் எங்களுக்குள் இருக்கிறான். "நேரத்தை மட்டும் எழுதினால் காணாது. எத்தனை தரம் சுழன்றது, எத்தனை தரம் சுவரில இடிச்சது, எத்தனை தரம் பிரண்டது, மூண்டையும் எழுது" என்றான். அது நல்ல யோசனையாகப் போய்விட்டது. நேரம் பிந்தியது என்பது மட்டும் தெரிந்தால் எந்த எண்ணைத் தொடுவது என்று தெரியாது. எப்படிப் பிழைத்தது என்று தெரிந்தால், எங்கே கை வைப்பது என்பதும் தெரியும்.

தம்பி மாற்றமில்லாத காரில் பத்துச் சுற்று ஓடினான். 13 தரம் சுழன்றான். சுவரில் 3 தரம் இடித்தான். ஒருதரமும் பிரளவில்லை. கொப்பியில் முதல் வரி அது.

சுழல்கிறது என்றால் பிடிமானம் காணாது, கூட்டுவோம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றியது. ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு உராய்வு எண்கள் உண்டு. `StaticFriction` என்பது சில்லு வழுக்காமல் பிடித்திருக்கும்போது உள்ளது. `KineticFriction` வழுக்கத் தொடங்கிய பிறகு உள்ளது. எங்கள் காரில் முன் சில்லுகளுக்கு 1.7, 1.5. பின் சில்லுகளுக்கு 1.5, 1.3. நான்கு சில்லுக்கும் 2.4, 2.2 என்று போட்டோம்.

தம்பி ஓடினான். சுழல்வது இரண்டாகக் குறைந்தது. ஆனால் 6 தரம் கார் தலைகீழாகப் பிரண்டது. யோசித்தால் நியாயம்தான். முன்பு வளைவில் சில்லு வழுக்கி அந்த விசையை விட்டுக்கொடுத்தது. இப்போது சில்லு தெருவை விடாது, மேலே உடல் மட்டும் போன திசையிலேயே போகப் பார்க்கிறது. விளைவு, கார் குட்டிக்கரணம். பிரண்ட காரை நிமிர்த்துவதற்கு இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு கை உள்ளவர்களுக்கு அது பொருட்டில்லை, தம்பிக்கு அது சுழல்வதை விடக் கரைச்சல். `manjal_1` அழிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் காரை விட்டுவிட்டு அவனுடைய கையைப் பார்த்தோம். பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரிந்தது. கீபோர்டில் பாதி அழுத்துவது என்று ஒன்றில்லை. அழுத்தினால் கேம் அதை முழுத் திருப்பம் என்றுதான் எடுக்கும். ஆனால் சில்லு அந்த முழுத் திருப்பத்துக்கு ஒரேயடியாகப் போவதில்லை, ஒரு வேகத்தில் போய்ச் சேர்கிறது. அந்த வேகம்தான் `SteerRate`. நாங்கள் சட்டென்று தட்டி விடுவதால் சில்லு கொஞ்சம் திரும்பும்போதே விரலை எடுத்துவிடுகிறோம். அவன் கொஞ்சம் அதிக நேரம் அழுத்துகிறான், அதற்குள் சில்லு முழுக்கத் திரும்பிவிடுகிறது. அதிலே பின்பக்கம் வீசுகிறது. இது பிடிமானப் பிரச்சினையில்லை, நேரப் பிரச்சினை.

`SteerRate` 3.0 ஆக இருந்தது. உராய்வை மூல எண்களுக்கே திரும்ப விட்டு, இதை மட்டும் 1.8 ஆக்கினோம். சுழல்வது 13இலிருந்து 3 ஆனது. ஆனால் சுவரில் 9 தரம் இடித்தான். ஒரு வளைவு முடிந்தவுடன் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிய இடங்களில் சில்லு திரும்பி வர நேரம் எடுத்தது, கார் நேரே போய்ச் சுவரில் நின்றது. 2.2 போட்டோம். சுழல்வது 5, சுவர் 3. மாற்றாத காரில் இடித்த அதே அளவுதான் இடி, சுழல்வது பாதிக்கும் கீழே.

மிச்சம் இருந்த சுழற்சிக்குத்தான் பின் சில்லைத் தொட்டோம். முன்னை விடப் பின்னில் பிடிமானம் குறைவாக இருப்பதால்தான் பின்பக்கம் முதலில் வழுக்குகிறது. அதனால் பின் சில்லுகளுக்கு மட்டும், கொஞ்சமாக, 1.5ஐ 1.6 ஆகவும் 1.3ஐ 1.4 ஆகவும் ஆக்கினோம். இங்கே ஒரு விடயம். கோப்பில் `WHEEL 0`, `WHEEL 1` முன் சில்லுகள், `WHEEL 2`, `WHEEL 3` பின் சில்லுகள். இடம் வலம் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் நாங்கள் `WHEEL 2`ஐ மட்டும் மாற்றிவிட்டோம். இடப்பக்கம் சுழல்வதும் வலப்பக்கம் சுழல்வதும் வேறுவேறு மாதிரி இருந்தது. கொப்பியில் எந்தப் பக்கம் என்றும் எழுதியிருந்ததால் பிழை உடனே பிடிபட்டது. திருத்திய பிறகு பத்துச் சுற்றில் சுழல்வது 2, சுவர் 3, பிரள்வது பூச்சியம்.

இந்த எண்களை அப்படியே எடுத்து வேறு காரில் போட்டுப் பிரயோசனம் இல்லை. எடை, சில்லுகளுக்கு இடையிலான தூரம், காரின் ஈர்ப்பு மையம் எல்லாம் காருக்குக் கார் மாறும். ஒரு காரில் 1.6 அளவாக இருக்கும், இன்னொன்றில் அதே 1.6 காரைப் பிரட்டிவிடும். எடுத்துக்கொள்ளக்கூடியது வரிசையைத்தான்: எப்படிப் பிழைக்கிறது என்று பார், ஒன்றை மாற்று, திரும்ப ஓடு.

ஆனால் முதல் நாள் பட்டை விவகாரம் எங்களை விடவில்லை. தம்பிக்கு எது மாற்றிய கார் என்று தெரியும். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் தெரியும். சுழல்வதை எண்ணுவதே நாங்கள்தானே? பாதிச் சுழற்சியை "இது கணக்கில்லை" என்று விட்டிருக்க மாட்டோமா?

அதனால் கண்ணைக் கட்டினோம். ஒருவன் மட்டும் உள் அறைக்குப் போய், மூலக் காரிலும் மாற்றிய காரிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, நாணயம் சுண்டி ஒன்றுக்கு `manjal_a` என்றும் மற்றதற்கு `manjal_b` என்றும் பெயர் வைத்தான். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே பட்டைகள். எது எது என்று ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டான். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று பயம் அவனுக்கு. ஓடும் வரிசை ஏ, பி, பி, ஏ. ஓட ஓடக் கை பழகும், பிறகு களைக்கும். ஏ முழுவதையும் முதலில் ஓடி முடித்தால் அந்தப் பழக்கமெல்லாம் பிக்குப் போய்விடும். இப்படிப் பிரித்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகப் போகும்.

தம்பி ஒவ்வொரு தடவையும் ஐந்து சுற்று ஓடினான். முடிவில் ஏயில் 4 சுழற்சி, பியில் 11. துண்டை விரித்தோம். மாற்றிய கார் ஏ. அவனுக்குக் கார் உண்மையிலேயே மாறியிருந்தது.

பிறகு நாங்கள் நால்வரும் அதே மாதிரி ஓடினோம். இது எங்களுக்குத்தான் முக்கியம். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் எங்களில் ஒருவன் மெல்லக் கேட்டிருந்தான், "அவன்ர கார் மட்டும் நல்ல கார் எண்டா, பிறகு அது போட்டியா?" கேட்டது பிழையில்லை. சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பதை விட அந்தக் கேள்வி நேர்மையானது. அதற்குப் பதில் வாயால் சொல்ல ஏலாது, ஓடித்தான் சொல்லலாம். எங்கள் கைகளில் மாற்றிய கார் வேகமாக ஓடவில்லை. மூன்று பேருக்கு நேர வித்தியாசமே பிடிபடவில்லை. ஒரே ஆள் ஒரே காரை ஓடினாலே சுற்றுக்குச் சுற்று ஒரு விநாடி முன்பின் வரும், அதற்குள் அடங்கிய வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. நாலாவது ஆள் மாற்றிய காரில் பிந்தினான், ஸ்டியரிங் சோம்பல் என்று ஏசினான். அந்தக் கேள்வியைக் கேட்டவனே அவன்தான்.

அதோடு எங்களுக்கு ஒரு விதி வந்தது. யாரும் எந்தக் காரையும் திருத்தலாம். திருத்திய கோப்புறை பென் டிரைவில் எல்லாருக்கும் வர வேண்டும், விரும்பினால் எல்லாரும் அதையே ஓடலாம். `TopSpeed` மட்டும் தொடக்கூடாது. அந்தக் கடைசி விதியைச் சொன்னது தம்பி.

அடுத்த ஞாயிறு ஐந்து பந்தயம் ஓடினோம். தம்பி ஒன்றில் மூன்றாவதாக வந்தான், இரண்டில் நாலாவது, இரண்டில் பழையபடி ஐந்தாவது. மூன்றாவதாக வந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. நாலாவதாக வந்தவன் மட்டும், கடைசி வளைவில் தன்னை இடித்துத் தள்ளியது அநியாயம் என்று பெரிய சத்தம் போட்டான். தம்பி அதைக் கேட்டுக்கொண்டே சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்து வேறெதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தோம். எங்களுக்குச் சொல்லாமல் அவனே ஒரு எண்ணை மாற்றியிருந்தான். கை பழகப் பழக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகமாக்கிக்கொண்டு வருகிறான் போல. பழைய எண்கள் எல்லாவற்றையும் அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான்.

```
SteerRate  2.400000  ; 3.0 > 1.8 > 2.2 > 2.4
```